தரைக்கதவுக்குக் கீழே

முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தன. ஏணி இன்னும் முடியவில்லை.

அடுத்தவர் கிரேனில் காரணமில்லாமல் யாரும் ஏறுவதில்லை. அதுவும் சாப்பாட்டு வேளையில், தன் கிரேனை நிறுத்திவிட்டு, வயசு நாற்பதைத் தாண்டிய ஒருத்தி. கீழே கம்பி கட்டுகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

வாக்கி டாக்கியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் பேசினால் ஊரே கேட்கும். இது முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது.

உச்சியில், ஓட்டுகிற அறையின் தரைக்கதவு அவள் தலைக்கு மேலே மூடிக் கிடந்தது. தட்டினாள்.

உள்ளிருந்து ஒரு பூட்ஸ் கால் வந்து கதவின்மேல் அழுத்தி நின்றது.

“உன் கிரேனுக்குப் போக்கா. பாலத்துக்குப் போறவளுக்கு இங்க என்ன வேலை?”

அவள் பாலம் கட்டும் இடத்தில் வேலை கேட்ட சேதி அவளுக்கு முன்னால் ஏறிவிட்டது.

உள்ளே இருப்பவளைக் கழுகு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏறி வந்தவளைவிட எட்டு வயது சின்னவள். அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள்.

கழுகை அவளாகத்தான் தேடிப் பிடித்தாள். அப்போது சைட்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒருவர் யாரைப் பார்த்தாலும் பிரமாதம் என்பார். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இன்னொருவர் கையில் மந்திரம் இருந்தது, வாயில் ஒன்றும் இல்லை.

அவள் கான்கிரீட் தொட்டியைக் கொண்டுபோய்ப் பலகையில் மோதிய அன்று எல்லோரும் கத்தினார்கள். கழுகு மட்டும், “மோதுறப்போ எதைப் பாத்துட்டிருந்த?” என்று கேட்டாள்.

தொட்டியைத்தான் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. ஆடுகிற சுமையைத் துரத்தினால் இன்னும் ஆடும். அது ஓர் ஓரத்துக்குப் போய்ச் சேரும் நேரம் பார்த்து, கொக்கியைச் சுமந்து ஓடும் டிராலியை அதன் தலைக்கு நேர்மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆட்டம் தானாகச் செத்துவிடும்.

அன்றிலிருந்து கழுகைப் பிடித்துக்கொண்டாள்.

மொட்டையாகப் போய் எதையும் கேட்டதில்லை. தானே முயன்று பார்த்து, எங்கே இடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கேட்பாள். கழுகு சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்வாள். சொன்னது பலிக்கவில்லை என்றாலும் சொல்வாள். கழுகுக்கு அதுதான் பிடித்தது. சம்பளத் தகராறுக்கெல்லாம் கழுகிடம் போகமாட்டாள். அதற்குக் கணக்கர் இருந்தார். எல்லாவற்றையும் ஒரே தலையில் கட்டினால் எந்தத் தலையும் தாங்காது.

அப்படியே வருஷங்கள் ஓடின.

பிறகு ஒருநாள், கேட்பதற்கு முன்பே கழுகின் பதில் அவள் காதில் விழுந்தது. அடுத்த முறையும் அப்படியே. இரண்டு கிரேன்கள் சேர்ந்து ஒரே உத்தரத்தைத் தூக்குவது பற்றிக் கேட்டபோது மட்டும் கழுகு பேச்சை மாற்றினாள்.

இனி வேறு இடம் தேட வேண்டும் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. கழுகின் முகம் வாடிவிடும் என்று பயந்து, தனக்குப் பதில் தெரிந்த கேள்விகளையே கொண்டுபோனாள். தலையாட்டிக் கேட்டாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது பாலத்து மேனேஜர் கழுகுக்குப் போன் செய்யப்போகிறார். கழுகு ஒரு வார்த்தை நல்லபடி சொன்னால்தான் அந்த வேலை.

“நன்றி சொல்லலாம்னுதான் வந்தேன். கதவத் தொற.”

“கொக்கியில மாட்டி அனுப்பு. எறக்கி வச்சுக்கறேன்.”

அவளுக்கும் கோபம் சுருக்கென்று ஏறியது.

“ரெண்டு கிரேன் தூக்கு உனக்குத் தெரியாது. தெரியாதுன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உன் வாயில?”

“வீடு கட்டுற எடத்துல அது எதுக்குடி?”

அக்கா போய் டி வந்துவிட்டது. பூட்ஸ் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. துரு அவள் கண்ணில் உதிர்ந்தது.

“அப்ப நான் வேற எங்கதான் போய்க் கத்துக்கறது?”

மேலே போன் அடித்தது.

அவள் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறங்க முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“சொல்லுங்க சார். ஆமா, நான்தான்.”

மேனேஜர் அவளைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

“நல்லா ஓட்டுவா. காத்து அடிச்சா கை நடுங்காது. நம்பிக் குடுக்கலாம்.” குரலில் ஈரமே இல்லை. இரும்பின் எடையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வேலை கிடைத்துவிட்டது. அவள் மூச்சை விட்டாள். பேச்சு முடியவில்லை.

“இல்ல சார். போன வருஷம் நீங்க என்னைக் கூப்பிட்டப்ப நான் வர முடியாதுன்னு சொன்னது சாக்கு இல்ல. அவ அப்பவும் எங்கிட்டக் கேள்வி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. பாதியில விட்டுட்டு எப்படி சார் வர்றது?”

காற்று ஏணியை உலுக்கியது.

“ரெண்டு கிரேன் தூக்கு அங்க வந்து கத்துக்கலாம்னு நீங்களும் சொன்னீங்க. ஞாபகம் இருக்கு.”

அடுத்தது கேட்கும்போது கழுகின் குரல் தாழ்ந்தது. அந்தக் குரலில் கழுகு யாரிடமும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

“இப்ப எனக்கு ஏதாவது எடம் இருக்கா சார்?”

அவள் காதைத் தரைக்கதவோடு ஒட்டினாள்.

“சரிங்க சார். பரவால்ல.”

அவள் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் உறுமியது. சாப்பாட்டு வேளை முடிவதற்குள்ளேயே கழுகு கிரேனைத் திருப்பத் தொடங்கிவிட்டாள்.

அவள் இறங்கினாள்.

கழுகுக்கு அவள் ஒரு பாலம் கடன்பட்டிருக்கிறாள்.