கண்ணீர் அஞ்சலி

கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கொஞ்ச நாள் வாய் திறக்காவிட்டால், அவன் படத்துக்கு மாலை போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் செய்துவிடுவான் ஐசக். செத்தவன் ஓடிவந்து திட்டுவான். அந்த ஐசக்கிடம்தான் முதலில் குரல்பதிவு நின்றது, பிறகு நக்கல், பிறகு சிரிப்புப் பொம்மையும். இப்போது எதற்கும் கட்டைவிரல்தான். “சனிக்கிழமை பாப்பமா, ஞாயித்துக்கிழமையா?” என்று நல்லசிவம் கேட்டதற்கும் அதே கட்டைவிரல். திட்டவாவது வருவான் என்று நல்லசிவம் ஐசக்குக்கே ஒரு போஸ்டர் செய்து, “வந்து திட்டுடா மாப்ள!” என்று போட்டான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சற்றுப் பொறுத்து, மாலையிட்ட தன் படத்துக்கும் ஐசக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான். நல்லசிவம் பதறி அழைத்தான். மணி அடித்து ஓய்ந்தது. போஸ்டரை அழிக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அழித்தால் அந்தக் கட்டைவிரலும் போய்விடும்.