உள்பக்கத்து முடிச்சு

என் கல்யாண ப்ளவுஸை அப்பாதான் டவுனில் ஏதோ கடையில் கொடுத்து வாங்கி வந்திருந்தார். கழுத்தைச் சுற்றிக் காம்புத் தையலில் ஒரு கொடி ஓடியது. ஒவ்வொரு தையலும் முந்தையதன் பாதியிலிருந்து கிளம்பி, முறுக்கிய கயிறு போலக் கிடந்தது. ஆனால் அந்த முறுக்கு நான் போடுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. ஊசியை இடக்கையில் பிடிப்பவர்கள் போட்டால் அப்படித்தான் விழும்.

ப்ளவுஸை உள்பக்கமாகப் புரட்டினேன். பின்கழுத்தின் நடுவில், மேல்துணியைத் துளைக்காமல் லைனிங்கில் மட்டும், கறுப்பு நூலை ஊசியில் மூன்று சுற்றுச் சுற்றி இழுத்த ஒரு பிரெஞ்சு நாட். கடுகளவு திருஷ்டிப் பொட்டு.

என் பாவாடை சட்டைகளிலெல்லாம் கோமதி அக்கா அதைத்தான் வைப்பாள். இடக்கையால்.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் விரும்பியவரோடு போனபோது, செத்துவிட்டாள் என்று தலை முழுகியவர் அப்பா. அவள் பெயரைச் சொன்னால் இன்றும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். இது அவள் கைவேலை என்று தெரிந்தால் ப்ளவுஸைக் கொளுத்திவிடுவார். கல்யாணமும் நின்றுபோகும்.

மடித்து மறைப்பதற்குள் அப்பா உள்ளே வந்துவிட்டார்.

"போட்டுப் பாத்தியா?"

"இன்னும் இல்லப்பா. வேலைப்பாடு நல்லாருக்கு."

"ம்." ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"கழுத்துல அந்தக் கறுப்பு முடிச்சு உறுத்துமான்னு கேட்டுட்டு வரச் சொன்னா."