எழுதப்படுவீராக

கதவுக்கடியில் கிடந்த அட்டையைக் குனிந்து எடுத்துப் படித்ததும் ஆன்ஷெலுக்குப் பசி போய்விட்டது.

யூதப் புத்தாண்டின் இரண்டாம் நாள். ஆட்டுக்கொம்பு ஊதி முடித்து, நீண்ட ஜெபமும் முடித்து, மாக்பை பறவை தலையில் கொத்திவிடாமல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, கால்பீல்டு புறநகரின் பாதித் தெருக்களை நடந்து கடந்து அப்போதுதான் வீடு வந்திருந்தார்.

அட்டையில் நான்கே வரி.

‘அன்புள்ள ஆன்ஷெல், நல்ல ஆண்டு. இனிய ஆண்டு. நல்வாழ்வுக்கு எழுதப்பட்டு முத்திரையிடப்படுவீராக. பக்கத்து வீட்டு நோரீன்.’

வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. நாளில்தான் வினையே.

பண்டிகைக்கு முன்னால் சொல்லலாம். முதல் நாள் இரவு, ஜெப ஆலயத்து வாசலில், எதிரில் வருகிற யாருக்கும் சொல்லலாம். முதல் நாள் மத்தியானம் தாண்டிவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நல்லவர்களின் பெயரை அன்றைக்கே வாழ்வின் புத்தகத்தில் எழுதிவிடுகிறான் கடவுள். அதற்குப் பிறகும் ஒருவனிடம் போய் ‘எழுதப்படுவீராக’ என்றால், நல்லவர் கணக்கில் உன் பெயர் வரவில்லையப்பா என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான். முத்திரை விழுவது பத்தாம் நாள்; அதனால் அப்புறம் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. நல்ல முத்திரை அமையட்டும்.

இது சிறுபிள்ளைக்கும் தெரியும். நோரீன் யூதப் பெண் இல்லை. ஆனாலும் ஆன்ஷெலின் மனைவி ஃபெய்கா உயிரோடு இருந்தவரை நோரீனின் அட்டை பண்டிகைக்கு முந்தின நாளே வந்து நிற்கும். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

ஃபெய்கா ஜூலையில் போய்விட்டாள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, இவள் தன் இஷ்டத்துக்குக் கிறுக்கிவிட்டாள் என்று ஆன்ஷெல் பல்லைக் கடித்தார்.

அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடலாம் என்று வந்தது. பண்டிகை நாளில் கிழிக்கக் கூடாது. பதிலுக்கு நறுக்கென்று நாலு வார்த்தை எழுதலாம் என்றால் எழுதவும் கூடாது. கோபத்தை இப்படி நாலு பக்கமும் கட்டிப்போட்டால் அது எங்கே போகும்? காலுக்குத்தான் போகும். அட்டையும் கையுமாகப் பக்கத்து வீட்டுப் படியேறினார்.

பண்டிகையில் மின்சாரம் கூடாது, காலிங் பெல்லைத் தொடவும் வழியில்லை. விரல் முட்டியால் கதவை இடித்தார்.

நோரீன் கதவைத் திறந்தாள். உள்ளே தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

அவர் மூச்சு வாங்காமல் பொரிந்து தள்ளினார். எது எப்போது எழுதப்படுகிறது, எது எப்போது முத்திரையாகிறது, எதை எந்த மத்தியானத்தோடு நிறுத்த வேண்டும், தெரியாத விஷயத்தில் கைவைக்கிறவர்களை என்ன சொல்வது, எல்லாவற்றையும். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆன்ஷெலுக்கு அதுவும் வேண்டியிருந்தது. இருபது வருஷம் யூத முறைப்படி கோஷர் இறைச்சிக்கடை நடத்தியவர் அவர். எடையில் கைவைத்தார் என்று ஒருவரும் வாய்திறந்ததில்லை. பெண்டாட்டியைத் தன் கையாலேயே குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்தவர் என்று ஆலயம் முழுக்கப் பேச்சு. அப்பேர்ப்பட்ட மனிதனின் பெயர் எழுதப்படவில்லை என்று ஒரு அட்டை சொல்வதா?

நோரீன் அவரைக் கடைசிவரை பேசவிட்டாள்.

“எல்லாம் தெரியும் ஆன்ஷெல். ஃபெய்கா சொல்லிக்கொடுத்தா. அதான் நேத்து மத்தியானம் தாண்டட்டும்னு உக்காந்திருந்து, இன்னிக்குப் போட்டேன்.”

தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம் என்று ஒரு மூலையில் இடம் வைத்துத்தான் வந்திருந்தார். அந்த இடத்திலும் தீ வைத்துவிட்டாள்.

அடக்கத்துக்கு அவளை அழைக்கவில்லை, அந்த ஆத்திரமாக இருக்கும் என்று நினைத்தார். மறுநாள் காலையே அடக்கம், யாருக்குத்தான் சொல்ல முடிந்தது என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அடக்கத்த விடுங்க. அதுக்கு முந்தின ராத்திரி. ஃபெய்கா என்னைக் கூப்பிடச் சொன்னா. என் சமையக்கட்டுல விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேன். நீங்க குடுக்கல.”

ஃபெய்காவின் உயிர் பிரிந்த அறையில் அன்று இருந்தது அவரும் அவளும் மட்டுந்தான். அவள் வாழ்நாளெல்லாம் சிரித்த சிரிப்பில் பாதி இந்த வீட்டுச் சமையலறையில் சிரித்தது. கடைசி மூச்சாவது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று அவர் நினைத்ததை இதுவரை ஜெபத்தில்கூட உச்சரித்ததில்லை.

அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“யாரு சொன்னது உனக்கு?”

நோரீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த கோபம் வடிந்து, அதைவிடப் பார்க்கச் சகிக்காத ஒன்று வந்து உட்கார்ந்தது.

“யாரும் சொல்லல. அப்படி இருக்குமோன்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். இல்லைன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”