வாழைக்கு அடியில் பாதை

"கம்ப்யூட்டர் படத்துல பாதையே இல்லையே, பெரியவரே" என்று தங்கராசு சிரித்ததும் வைத்தியலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிராமக் கணக்கராக இருந்த காலத்தில் எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் அளவுச் சங்கிலி பிடித்து, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாகத் தூரம் அளந்து, வயல் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை அவர் தன் கையாலேயே வரைந்திருந்தார். அதில் சுடுகாட்டுப் பாதையை இரட்டைப் புள்ளிக்கோடாகக் காட்டியிருந்தார். சர்வேயர் ரெஜினாவின் மடிக்கணினியில் இருந்த செயற்கைக்கோள் படத்திலோ அந்த இடம் முழுக்கத் தங்கராசுவின் வாழைத்தோப்பு.

"வரப்பு மூலையை வெச்சு இதுமேல பொருத்தினேன். உங்க படம் விலகுது, ஐயா" என்றாள் ரெஜினா.

"வரப்பு நகரும்மா! வருஷா வருஷம் இவன் மண்வெட்டியோட சேர்ந்து நகரும். கல்லை வெச்சுப் பொருத்துங்க!"

ரெஜினா புதரை விலக்கி, மூன்று எல்லைக்கற்களின் மேல் கருவியை நிறுத்தி அவை இருக்கும் இடத்தைப் பதிவு செய்தாள். அந்தப் புள்ளிகளை வைத்துத் திரையில் செயற்கைக்கோள் படத்தின் மேல் புலப்படத்தைப் பதித்தாள். வாய்க்காலும் கிணறும் அச்சாகப் பொருந்தின. பாதை வாழைக்கு நடுவே போனது.

"கோடு போட்டா பாதை ஆயிடுமா? அங்கே யார் நடந்தாங்க?" என்றான் தங்கராசு.

வைத்தியலிங்கத்தின் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது. அதைப் பெரிதாக்கச் சொன்னார். தோப்பைச் சுற்றி ஓடும் வாய்க்காலுக்குள் புள்ளி புள்ளியாக ஆட்கள். அவர்களுக்கு நடுவில் நீளமாக, வெள்ளையாக ஒன்று.

"யார் நடந்தாங்கன்னு கேட்டியே" என்று கத்தினார். "இவங்கதான்டா! நீ பாதையில வாழை வெச்சதால இடுப்பளவு தண்ணியில பாடையைத் தூக்கிட்டுப் போறாங்க, பாரு!"