துயிலும் ஏரி

அந்தி வெளிச்சம் ஏரியின் மேல் அசையாமல் கிடக்கிறது. வானொலிக் கவிதை நிகழ்ச்சிக்குப் பின்னணி ஒலி பிடிக்க வந்த தம்பி, காதில் ஹெட்போனோடு கரையில் குந்தியிருக்கிறான். கல்லூரியில் இலக்கியம் நடத்தும் அக்கா, இந்த ஏரியைப் பாடிய பழைய கவிதையைப் பிரித்து வைத்திருக்கிறாள். "‘மாசற்ற அமைதியில் ஏரி துயில்கிறது’ன்னு எழுதியிருக்காருடா. கவிதை முழுக்க அவர்தான் நடக்குறாரு, அழறாரு, தேறுறாரு. ஏரி சும்மா படுத்துக் கிடக்கு, அவருக்குப் பின்னால தொங்கவிட்ட திரை மாதிரி. ஒரு தவளை இல்ல, கொக்கு இல்ல, மீன் துள்ளல. அப்பவே எதிர்க்கரையில சாயப்பட்டறை ஓடிச்சு, அதுவும் கவிதையில இல்ல. இதையா அமைதின்னாரு?" தம்பி பதிவுக் கருவியில் ஒலியைக் கூட்டுகிறான். மீட்டரில் முள் எழவில்லை. நாணல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. "ஏற்கெனவே பதிஞ்ச தவளைச் சத்தம் ஆபீஸ்ல இருக்கு. சேர்த்துடவா?" "வேண்டாம். அப்புறம் நாமளும் திரைதான் தொங்கவிடுறோம்." அவள் மைக்கைப் பிடித்து அந்த வரியை வாசிக்கிறாள். ‘துயில்கிறது’ என்ற இடத்தில் குரல் தடுக்குகிறது. தம்பி ஹெட்போனை மெல்லக் கழற்றித் தண்ணீரையே பார்க்கிறான். "தூங்கினா மூச்சாவது கேக்கணுமேக்கா."