பலகையில் பாதி

"தப்பு டீச்சர். மறுபடி எழுது" என்றார் செக்யூரிட்டி.

காலை ஏழு மணி. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி வாசல். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்தே பழகிய திலகவதி டீச்சர், தலையைக் குனிந்துகொண்டு அதே எழுத்தைப் பத்தாவது தடவையாக எழுதினார்.

செக்யூரிட்டி பிஜய் நாயக், ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறவர், மூன்று நாளாக ஒடியா வாத்தியாராகப் பதவி உயர்ந்திருந்தார்.

"எழுத்துக்கு மேலே குடை மாதிரி வளைவு பெரிசு. உள்ளே சின்னது. அதுதான் மாறும்."

"எல்லாத்துக்கும் அதே குடைதானேணா? மழையில நிக்கிற கும்பல் மாதிரி கீது" என்று அலுத்துக்கொண்டே டீச்சர் எழுதினார்.

காரணம் இருந்தது. போன ஜூனில் ஊர் மாறி வந்த ஒரு ஒடியாப் பெண், கடைசி பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். பலகையில் இருந்ததும் புரியவில்லை, பக்கத்தில் பேசியதும் புரியவில்லை. மூன்றாம் நாள் வரவில்லை. டீச்சர் வீடு தேடிப் போனபோது பூட்டுதான் தொங்கியது. அது அவர் மனசில் முள்ளாக இருந்தது.

இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு இருபத்து மூன்று பேர். பக்கத்துத் தெருத் தொடக்கப் பள்ளி கொடுத்தனுப்பிய மாற்றுச் சான்றிதழ்க் கட்டை டீச்சர் புரட்டினார். ஒன்பது பேருடையதில் 'தாய்மொழி: ஒடியா' என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், தலைமை ஆசிரியர் அப்பாவு தன் வாழ்த்துரையோடு வகுப்புக்குள் வந்தார்.

"இதைத்தான் எல்லா வகுப்புலயும் பலகையில எழுதணும். கேளுங்க. கல்விக் கடலில் முத்தெடுக்க வந்திருக்கும் நாளைய பாரதத்தின் தூண்களே!"

"கடல்ல தூண் நட்டா துறைமுகந்தான் சார் கட்டலாம். பத்து வயசுப் புள்ளைங்க சார். மொத நாளே பயந்துக்கினு வரும். அஞ்சு வரி போதும்."

"நாளைக்குக் கல்வி அதிகாரி போட்டோ எடுக்க வர்றாரும்மா!"

"அவரு அஞ்சாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டாரு சார். இது ஆறாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு."

அப்பாவு சார் தூண்களைச் சுருட்டிக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனார்.

டீச்சர் பலகையை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, நடுவில் கோடு போட்டார். சிவப்பும் நீலமும் பச்சைப் பலகையில் தெரியாது என்பதால் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் எடுத்தார். இடப் பக்கம் தமிழ்:

'வாங்க, வாங்க!
இது உங்க ஆறாம் வகுப்பு. நான் திலகவதி டீச்சர்.
இன்னைக்குப் புத்தகம், நோட்டு, சீருடை தருவோம்.
பிடிச்ச இடத்துல உக்காரலாம்.
கழிவறை வலது பக்கம். கேக்காமலே போகலாம்.'

கடைசி வரிதான் முதல் நாளில் பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம் என்பது டீச்சரின் அனுபவம். எந்தத் தலைமை ஆசிரியரின் வாழ்த்துரையிலும் அது வந்ததில்லை.

வலப் பக்கம், அதே ஐந்து வரி ஒடியாவில். நோட்டைப் பார்த்துப் பார்த்து, குடை குடையாக, ஒரு மணி நேரம். சுற்றிலும் இருபத்து மூன்று பெயர்களையும் தமிழில் எழுதினார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்தப் பிள்ளைக்கு அன்றைய நாள் முழுக்க வேறெதுவும் கண்ணில் படாது. பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பார்த்தார். இரண்டு வரி சிறிதாகத் தெரிந்தது. அழித்துப் பெரிதாக எழுதினார். வலப் பக்கத்தைப் படித்துப் பார்க்க வழியில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பிள்ளைகள் வந்தார்கள். அதிகாரியும் வந்தார். அப்பாவு சார் அவரை முந்திக்கொண்டு கதவோரம் நின்றார்.

"புலம்பெயர்ந்த குழந்தைகளுக்கு அவங்க தாய்மொழியிலயே வரவேற்பு சார். நம்ம பள்ளியோட யோசனை."

நேற்று மாலை வரை தூண் நட்டுக்கொண்டிருந்த பள்ளி அது.

திலகவதி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் அந்த ஒன்பது பேர் மேலேயே இருந்தது. பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தவர்கள், வலப் பக்கம் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சொந்த எழுத்தைக் கண்டதும் பிள்ளைகள் உருகிப்போய்விட்டார்கள் என்று டீச்சருக்குப் புரிந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, செல்போனில் வீடியோவைத் தட்டினார்.

டீச்சர் வலப் பக்கத்தை விரலால் காட்டி, கையைக் காதோரம் வைத்து, வாயைத் திறந்து மூடி, 'படி, படி' என்று ஊமைச் சைகை செய்தார். ஒடியாவில் படி என்று சொல்ல நாயக்கிடம் கேட்க மறந்துபோயிருந்தது.

ஒன்பது பேரில் ஒருத்தி, சஸ்மிதா, மெல்ல முன்னால் வந்தாள். டீச்சருக்குப் பேச வராதோ என்று அவள் முகத்தில் ஒரு பரிதாபம் இருந்தது. உரக்க, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"அந்தாண்ட தமிழ்ல எழுதிக்கீறத எல்லாம் படிச்சிட்டோம் டீச்சர், இந்தாண்ட போட்டுக்கீற கோலம் இன்னாது?"