குதிகாலுக்கு ஒரு கடிதம்

அனகாவின் வெள்ளைச் சாக்ஸில் குதிகால் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது. காலில் ஜூனில் வாங்கிய அதே கறுப்புத் தோல் ஷூ. வேலை முடிந்து மகளைப் பார்க்க விடுதிக்கு வந்த பொன்னப்பனுக்கு அதைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. கையில் ஒட்டிய சிமெண்டைக்கூடத் துடைக்காமல், மகளை இழுத்துக்கொண்டு வார்டன் அறைக்குள் நுழைந்தான்.

"எழுதித் தந்தேனில்லா டீச்சரே? பின்ன எதுக்காக்கும் பிள்ளைய இந்த ஷூவ போட வச்சிய?"

வார்டன் ஸ்ரீகுமாரி உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

விடுதிக் குளியலறையில் உடைந்து கிடந்த டைல் கிழித்த குதிகால் அது. திங்கட்கிழமை காரக்கோணம் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த டாக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். புதுத்தோல் பிஞ்சு, தோல் ஷூவின் விறைப்பான பின்பக்கம் உரசினால் மறுபடி பிளந்துவிடும். மூன்று வாரம்வரை, பின்பக்கம் பஞ்சு வைத்த ஸ்போர்ட்ஸ் ஷூதான் ஆகும். யூனிபார்மோடு அதை விடமாட்டார்கள், வார்டனுக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஒரு சீட்டும் தந்தார்.

பொன்னப்பன் நாற்பது வயது தாண்டி எழுத்துக் கூட்டக் கற்றவன். ஆஸ்பத்திரி வாசல் கடையில் வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே பெஞ்சில் குனிந்து எழுதினான். மகளின் பெயர், வகுப்பு, அறை எண், காயம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கீழே தன் கையெழுத்து. டாக்டர் சீட்டைப் பின்னால் குத்தினான். பாறசாலையில் இறங்கி மகளையும் கடிதத்தையும் விடுதியில் சேர்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் காரோடு ஊரில் நடந்த கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

அந்தக் கடிதத்துக்கு இதுவா மரியாதை?

"கூலிக்காரன் எழுதினதுன்னா குப்பையிலயாக்கும் போடுவிய? காசுள்ள வீட்டுப் பிள்ளைன்னா இப்பிடி ரத்தம் வடிய விடுவியளா?"

இப்போது ஸ்ரீகுமாரிக்கும் குரல் உயர்ந்தது. கடிதம் வந்த அன்றே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கிளாஸ் டீச்சரிடமும் பி.டி. சாரிடமும் சொல்லியாகிவிட்டது. காலையில் கேட்டில் ஷூ பார்க்கும்போது காட்ட அனுமதிச் சீட்டும் அனகாவின் பையில் இருக்கிறது. செருப்புதான் கூடாது, ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு இங்கே ஒரு தடையும் இல்லை.

"தெனமும் கேக்குதேன். நாளைக்குப் போடுதேன், நாளைக்குப் போடுதேன்னுதான் சொல்லுதா. ஒங்க மகளக் கேளுங்க."

அனகா பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினாள். முத்திரையோடு இருந்தது.

பொன்னப்பனின் கோபம் முழுதும் மகள் மேல் திரும்பியது. இந்த வார்டன் முன்னால் தன்னை இப்படி நிற்க வைத்துவிட்டாளே. கை ஓங்கிவிட்டான்.

"அனுமதி குடுத்த பொறவும் ஒனக்கென்ன திமிரு? ஏம்ளா போடல்ல?"

அனகா தலை நிமிரவில்லை.

"எங்கிட்ட ஸ்போர்ட்ஸ் ஷூ இல்லியே அப்பா."